பாராட்டை மழைக்குப் பிறகு கேளுங்கள்

கேள்வி: மொட்டை மாடி ஒழுகல் சரிசெய்யும் தொழில் செய்கிறேன். வாடிக்கையாளர்கள் எழுதித் தருவதெல்லாம் "நல்ல சர்வீஸ்" என்ற அளவில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துப் புது ஆட்கள் யாரும் நம்புவதில்லை. எப்படி வாங்குவது, எப்படிக் காட்டுவது?

நானும் சென்னையில் இதே தொழில்தான். ஆரம்பத்தில் வேலை முடிந்த அன்றே, பணம் வாங்கும் கையோடு "நாலு வரி எழுதிக் கொடுங்க சார்" என்பேன். பையன்கள் நேரத்துக்கு வந்தார்கள், குப்பையை அள்ளிவிட்டுப் போனார்கள் என்பதைத் தவிர அவருக்கு அன்று என்ன தெரியும்? ஒழுகல் நின்றதா என்பதை மழைதானே சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் நவம்பரில் இரண்டு பெரிய மழை போன பிறகுதான் போன் செய்கிறேன்.

மூன்றே கேள்வி. எங்களுக்கு முன் என்ன செய்து பார்த்தீர்கள்? எங்களைக் கூப்பிட என்ன தயக்கம் இருந்தது? இந்த மழைக்கு என்ன ஆனது? சரக்கு இருப்பது இரண்டாவது கேள்வியில். வேளச்சேரியில் ஒரு அம்மா சொன்னார்: "போன வருஷம் ஒருத்தர் வெள்ளை பெயின்ட் அடிச்சுட்டுக் காசு வாங்கிட்டுப் போனார். நீங்களும் அப்படித்தான்னு நினைச்சேன். இந்த மழைக்கு ஹால்ல பக்கெட் வைக்கல." இதை வாய்ஸ் மெசேஜாக வாங்கி, பேசியபடியே எழுதி, அவருக்கே அனுப்பி, போடலாமா என்று கேட்டுக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்றார். ஊரும் "இரண்டு மாடி வீடு" என்பதும் போதும். தயவுசெய்து மொழியைத் திருத்தாதீர்கள். என் அக்கா மகன் அந்தப் பக்கெட்டை எடுத்துவிட்டு "முழுத் திருப்தி" என்று போட்டான்; உயிர் போய்விட்டது.

அதன் கீழே வேலையின் கதையை ஐந்தாறு வரியில் எழுதினேன். மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்தோம். தளத்தில் குறை இல்லை, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில்தான் வெடிப்பு. அங்கே மட்டும் தட்டோட்டை எடுத்து, வெடிப்பை அடைத்து, மூலையைச் சரிவாகப் பூசினோம். நான்கு நாள் வேலை. முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படம்.

இதை எங்கே காட்டுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. வெப்சைட்டில் "பாராட்டுகள்" என்று ஒரு மூலையில் குவித்தால் யாரும் படிப்பதில்லை. கொட்டேஷன் அனுப்பும்போது, அவர் வீட்டுப் பிரச்சினை மாதிரியே உள்ள ஒரே ஒரு கதையைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். "பெயின்ட் அடிச்சாப் போதாதா?" என்று கேட்பவருக்கு வேளச்சேரி அம்மாதான் பதில்.

தள்ளுபடி தருகிறேன் என்று ரிவ்யூ கேட்காதீர்கள். கூகுள் விதிப்படியே அது தப்பு, தெரிந்தால் நீக்கிவிடுவார்கள்.

அப்புறம், சொதப்பிய ஒரு வேலையையும் வைத்திருக்கிறேன். முதல் மழையிலேயே மறுபடி ஒழுகிய வீடு; மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றியிருந்த இடைவெளியை நாங்கள் பார்க்கத் தவறியிருந்தோம், திரும்பப் போய் காசு வாங்காமல் அடைத்தோம். "மறுபடி ஒழுகினா வருவீங்களா?" என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் அனுப்புகிறேன்.