லூபஸ் இருக்கிறவர்கள் சளி வராமல் இருக்க எக்கினேசியா சாப்பிடலாமா?

"கனடாவில் இருக்கும் அக்கா, சளியே பிடிக்காது என்று சொல்லி எக்கினேசியா கேப்ஸ்யூல் ரெண்டு டப்பா அனுப்பியிருக்கிறாள். எனக்கு லூபஸ் இருக்கிறது, அசாதியோபிரின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறேன், 2 வருஷமாக நோய் அடங்கியிருக்கிறது. மூலிகைதானே, தினம் ஒன்று போட்டுக்கொள்ளலாமா டாக்டர்?"

வேண்டாம்மா. டப்பாவைத் திறக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள்.

அக்கா சொன்னது முழுப் பொய் இல்லை. அதுவரை நடந்த 24 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 4,600 பேர், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2014இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஆய்விலும் சளியைத் தடுக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோதுதான் சளி பிடிக்கும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம் குறையலாம் என்று தெரிந்தது. அதாவது சும்மா இருந்தால் 100 பேரில் 50 பேருக்குச் சளி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், இதைச் சாப்பிட்டால் 40, 45 பேருக்குப் பிடிக்கும். அவ்வளவுதான் லாபம்.

விற்பவர்கள் அதிகம் காட்டுவது பிரிட்டனில் கார்டிஃப் நகரில் 755 பேரை வைத்து 4 மாதம் நடத்திய ஆய்வை. எக்கினேசியா எடுத்த பக்கம் 149 தடவை சளி, எடுக்காத பக்கம் 188. கணக்குப் போட்டால் சுமார் 10 பேர் 4 மாதம் விடாமல் எடுத்தால் ஒரு சளி குறையும். அதுவும் அவர்கள் எடுத்தது பச்சைச் செடியிலிருந்து ஆல்கஹாலில் இறக்கிய சொட்டு மருந்து, கேப்ஸ்யூல் இல்லை. எந்த வகைச் செடி, வேரா இலையா, எப்படிச் சாறு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் சரக்கே மாறிவிடும், அதனால் ஒரு பிராண்டின் பலனை இன்னொன்றின் மேல் ஏற்ற முடியாது. முக்கியமாக, அங்கே சேர்ந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள், உங்களைப் போல லூபஸ் மருந்தில் இருப்பவர்கள் இல்லை.

சரி, பலன் கொஞ்சம்தான், கெடுதல் என்ன? லூபஸில் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கின்றன. அவற்றைத் தட்டி உட்கார வைக்கத்தான் அசாதியோபிரின் தருகிறோம். எக்கினேசியாவில் இருக்கும் சில சர்க்கரைப் பொருட்கள் அதே அணுக்களைத் தட்டி எழுப்புவதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். எரிகிற தீயில் ஒரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மறு கையால் விசிறுவது போலத்தான். அமெரிக்காவில் பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய் அடங்கியிருந்த ஒருவர் சளிக்காக இதைச் சாப்பிட, ஒரு வாரத்துக்குள் கொப்புளங்கள் திரும்பி வந்தன, நிறுத்திய பிறகும் ஓரளவுதான் கட்டுப்பட்டது என்று 2004இல் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும் என்று அர்த்தமில்லை, இது பற்றிப் பெரிய ஆய்வு எதுவும் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் ஐரோப்பிய மருந்து முகமை இதைத் தன்னெதிர்ப்பு நோய்களுக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் பரிந்துரைக்கவில்லை. நீங்கள் ரெண்டு பட்டியலிலும் இருக்கிறீர்கள். முடக்குவாதம், ஷோகிரன், மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், டெர்மடோமயோசைடிஸ் உள்ளவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் இதே வரிசைதான். இன்னொன்று, ஆரோக்கியமானவர்களுக்கே அந்த முகமை சொல்லும் அளவு தொடர்ந்து 10 நாள்தான், குளிர்காலம் முழுக்க இல்லை.

ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் பயப்படாமல் நிறுத்துங்கள், ஆனால் லூபஸ் மாத்திரையைத் தொடாதீர்கள். அடுத்த சில வாரம் காலையில் மூட்டு விறைப்பு, வாய்ப்புண், கன்னத்தில் சிவப்பு, சிறுநீரில் அடங்காத நுரை, கால் வீக்கம் இவற்றைக் கவனியுங்கள். ஒன்று வந்தாலும் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் சி3, சி4 என்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள், ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டியிருக்கும். காய்ச்சல் வந்தால் "சளிக் காய்ச்சல்தானே" என்று விடாதீர்கள், அசாதியோபிரின் வெள்ளை அணுக்களைக் குறைத்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

"இம்யூனிட்டி பூஸ்டர்" என்று வரும் கலவைகளின் லேபிளையும் படியுங்கள். எக்கினேசியாவோடு சிலவற்றில் அல்ஃபால்ஃபாவும் இருக்கும், அது லூபஸைத் தனியாகவே கிளப்பக்கூடியது.

எக்கினேசியாவுக்குப் பதிலாக எதைச் செய்வது என்றால், வருஷம் ஒரு ஃப்ளூ ஊசி (மூக்கில் அடிக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து வேண்டாம்), நிமோனியா ஊசி போட்டிருக்கிறதா என்று உங்கள் மூட்டுநோய் மருத்துவரிடம் ஒரு கேள்வி. சாதாரணச் சளியை இவை தடுக்காது, ஆனால் உங்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பது பெரும்பாலும் சாதாரணச் சளி இல்லை.

டப்பாவை வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அவருக்கு இந்த மாதிரி நோயோ தொடர் மருந்தோ இல்லையென்றால் சில நாள் எடுக்கலாம். பார்த்தீனியம், சாமந்தி ஒவ்வாமை இருந்தால் அவருக்கும் கூடாது, எக்கினேசியாவும் அதே குடும்பத்துச் செடி.