பஸ் பதினைந்து நிமிடம் முந்திப் போகிறது: அதை எப்படி எழுதுவது?

கேள்வி: வத்தளையிலிருந்து கொட்டாஞ்சேனை, கோட்டை வழியாகக் கொள்ளுப்பிட்டிக்கு ஸ்டாஃப் பஸ் ஒன்று ஓட்டுகிறோம். போன மாதம் நேரத்தை மாற்றியபோது முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் அறிவித்தல் போட்டும், முதல் நாள் பலர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். இப்போது காலை 7.00 மணி பஸ்ஸை 6.45க்கு மாற்றுகிறோம். இந்த முறை எப்படி எழுதலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய பழைய அறிவித்தலைப் பார்த்தேன். “அன்பார்ந்த பயணிகளே, தவிர்க்க முடியாத காரணங்களினால் எமது சேவையின் நேர அட்டவணையில்…” என்று தொடங்குகிறது. முகநூல் நீளமான பதிவை முழுதாகக் காட்டாது. முதல் சில வரிகளோடு மடித்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டுத் திறக்கச் சொல்லும். ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவர் அதைத் தொடமாட்டார். எந்த பஸ், எந்த நாள், எத்தனை மணி என்ற மூன்றும் மடிப்புக்கு மேலேயே வரவேண்டும். காரணமும் மன்னிப்பும் கடைசியில் வரட்டும்.

உங்கள் பயணிகள் அந்த பஸ்ஸை “ஏழு மணி பஸ்” என்றுதான் சொல்வார்கள். நேரம் மாறினாலும் முதல் வரியில் அந்தப் பெயரையே வையுங்கள். “காலை 6.45 பஸ்” என்று மட்டும் போட்டால், ஏதோ புது பஸ் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பழைய நேரத்துக்கே வந்து நிற்பார்கள்.

அப்புறம், தமிழில் ஒரு பொறி இருக்கிறது: ‘முன்’ என்ற சொல். “முன்னர் 7.00” என்றால் பழைய நேரம், “15 நிமிடம் முன்னர்” என்றால் புது நேரம். இரண்டும் ஒரே அறிவித்தலில் வந்தால், அவசரமாகப் படிப்பவருக்கு எது எது என்று பிடிபடாது. “நேரம் தள்ளி வைக்கப்பட்டுள்ளது” என்றால் இன்னும் மோசம். பெரும்பாலானோர் பிந்தும் என்றே எடுப்பார்கள். நானே ஒருமுறை “தள்ளி” என்று எழுதி, அடுத்த நாள் காலை முழுக்கத் தொலைபேசியில் திட்டு வாங்கினேன். பஸ் பிந்தினால் ஆட்கள் நின்று சலித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். முந்தினால் பஸ்ஸே போய்விடும். அதனால் “6.45க்கே புறப்படும்” என்று அந்த ஏகாரத்தைப் போட்டு எழுதுங்கள். அந்த ஓர் எழுத்தே பஸ் முந்துகிறது என்று சொல்லிவிடும்.

அடுத்தது தரிப்பிடங்கள். கொட்டாஞ்சேனையில் ஏறுபவருக்கு வத்தளை நேரம் உதவாது. அவர் மனதில் கணக்குப் போடவேண்டி வந்தால் பிழைத்துப்போகும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி, நேரம் முதலில், இடம் பின்னால். பழைய நேரத்தைப் பக்கத்தில் போடாதீர்கள். “7.25 → 7.10” என்று இருந்தால், இடமிருந்து வலமாக ஓடும் கண் முதலில் 7.25ஐத்தான் பிடிக்கும்.

“நாளை முதல்”, “வரும் திங்கள் முதல்” இரண்டும் வேண்டாம். உங்கள் பதிவு எத்தனையோ குழுக்களில் சுற்றி, ஒரு வாரம் கழித்தும் ஒருவர் கைக்குப் போய்ச் சேரும். திகதியும் கிழமையும் சேர்ந்தே இருக்கட்டும். உதாரணத்துக்கு, மாற்றம் 2026 ஜூன் 15இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

வத்தளை – கொள்ளுப்பிட்டி காலை ஏழு மணி பஸ், ஜூன் 15 திங்கள் முதல் 6.45க்கே புறப்படும்.

6.45 வத்தளை
7.10 கொட்டாஞ்சேனை
7.30 கோட்டை
7.45 கொள்ளுப்பிட்டி

மாலை பஸ் நேரம் மாறவில்லை. தரிப்பிடங்களும் கட்டணமும் அதேதான்.
காலை நெரிசலால் இந்த மாற்றம். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

“மாலை பஸ் மாறவில்லை” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அன்றைக்கே பாதிப் பேர் அழைத்துக் கேட்பார்கள். சிங்களத்தில் வாசிப்பவர்களும் உங்கள் பஸ்ஸில் வருவார்கள் அல்லவா? அவர்களுக்குத் தனிப் பதிவாகப் போடுங்கள். ஒரே பதிவில் இரண்டு மொழியையும் அடுக்கினால், இரண்டாவது மொழி மடிப்புக்குக் கீழே போய்விடும்.

படமாகவும் போடுவதென்றால், திகதியும் நேரங்களும் படத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். படத்தைச் சேமித்து வேறொருவருக்கு அனுப்பும்போது கீழே எழுதியது கூடப் போகாது.

போடுவதற்கு முன் உங்கள் கண்டக்டரிடம் போனைக் கொடுத்து, ஐந்து விநாடியில் திரும்ப வாங்கி, “கொட்டாஞ்சேனையில் எத்தனை மணி?” என்று கேளுங்கள். தடுமாறினால் திரும்ப எழுதவேண்டியதுதான். வியாழன் மாலை ஒருமுறை, ஞாயிறு இரவு அதே சொற்களில் இன்னொருமுறை போடுங்கள். திங்கள் காலை மட்டும் ஒரு பையனைக் கொட்டாஞ்சேனைத் தரிப்பிடத்தில் பழைய நேரமான 7.25 தாண்டும்வரை நிற்கவிடுங்கள். எப்படியும் இரண்டு பேராவது வருவார்கள்.