என் கணக்கு டாலரில் இருக்கிறது. EURGBP டிரேடில் ஒரு பிப்புக்கு எவ்வளவு, எத்தனை லாட் போடலாம் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

"ஒரு லாட் என்றால் பிப்புக்கு 10 டாலர்" என்று உங்களுக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். EURUSD-க்கு அது சரி. EURGBP-க்குத் தப்பு. அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதில்.

அப்போது என் கணக்கில் 5,000 டாலர் இருந்தது. ஒரு டிரேடில் 1 சதவீதத்துக்கு மேல், அதாவது 50 டாலருக்கு மேல் இழக்கக் கூடாது என்பது நான் வைத்திருந்த விதி. EURGBP வாங்கி, 25 பிப் கீழே ஸ்டாப் லாஸ் வைத்தேன். 25 பிப், பிப்புக்கு 10 டாலர், ஆக ஒரு லாட்டுக்கு 250 டாலர். 50-ஐ 250-ஆல் வகுத்தால் 0.20 லாட். போட்டேன். மறுநாள் ஸ்டாப் அடித்தது. திரையில் -62.50 என்று நின்றது.

ஸ்லிப்பேஜ் என்றுதான் முதலில் நினைத்தேன். ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தால், ஸ்டாப் வைத்த அதே விலையில் டிரேட் மூடியிருக்கிறது. புரோக்கருக்குக் கோபமாக மெயில் போட்டேன். "நட்டம் உங்கள் கணக்கின் நாணயத்துக்கு மாற்றப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் விடை அந்த வரியில்தான் இருந்தது.

பிப் மதிப்பு முதலில் பிறப்பது ஜோடியில் இரண்டாவதாக நிற்கும் நாணயத்தில். EURGBP-யில் அது பவுண்டு. ஒரு ஸ்டாண்டர்டு லாட் 1,00,000 யூரோ, ஒரு பிப் 0.0001. பெருக்கினால் 10 பவுண்டு, டாலர் இல்லை. அதை டாலராக்க GBPUSD விலை வேண்டும். அன்றைக்கு அது 1.25, ஆகவே பிப்புக்கு 12.50 டாலர். யூரோவை வாங்குகிறோமே என்று EURUSD விலையை எடுத்துவிடாதீர்கள். மாற்ற வேண்டியது பவுண்டை.

இப்போது அதே டிரேடைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 25 பிப்புக்கு ஒரு லாட்டில் 312.50 டாலர். 50-ஐ அதால் வகுத்தால் 0.16 லாட். நான் போட்டது 0.20. ஒன்றேகால் மடங்கு ரிஸ்க் எடுத்திருக்கிறேன், அதுவும் தெரியாமல். வகுக்கும்போது 0.167 மாதிரி வந்தால் 0.16-க்கு இறக்குங்கள். 0.17-க்கு ஏற்றினால் வைத்த வரம்பைத் தாண்டிவிடும்.

இதற்கு முன்னால் நான் USDJPY-யில்தான் அதிகம் டிரேட் செய்தேன். அங்கே பிப் 0.01, ஒரு லாட்டுக்கு 1,000 யென். யென் டாலருக்குப் பின்னால் நிற்பதால் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். விலை 150 என்றால் பிப்புக்கு சுமார் 6.67 டாலர். அதாவது அங்கேயும் என் 10 டாலர் கணக்கு தப்புதான். ஆனால் நட்டம் நினைத்ததைவிடக் குறைவாக வந்ததால் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை.

"கால்குலேட்டர் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று கீழே சிலர் எழுதுவார்கள். இருக்கட்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கணக்கின் நாணயம் எது என்று கேட்காத கால்குலேட்டரை நம்ப மாட்டேன். ஸ்டாப்பைப் பாயிண்டில் கேட்கிறதா, பிப்பில் கேட்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து தசமம் காட்டும் தளத்தில் 25 பிப் என்பது 250 பாயிண்ட். அங்கே மாற்றிப் போட்டால் லாட் பத்து மடங்கு பிசகும். EURUSD ஒன்றை மட்டும் வைத்துப் பாடம் நடத்திவிட்டு, எல்லா ஜோடிக்கும் இதேதான் என்று கட்டணம் வாங்குகிறவர்கள் மீதுதான் எனக்கு உண்மையான கோபம். அந்தப் பாடத்துக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. டிரேட் மூடும் நேரத்து GBPUSD விலையில்தான் நட்டம் டாலராக மாறும். அது 1.26 ஆகியிருந்தால் என் 62.50 என்பது 63 ஆகியிருக்கும். சில நாளில் முடியும் டிரேடுக்கு இந்த வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க, டெமோவில் 0.01 லாட் EURGBP திறந்து வையுங்கள். GBPUSD 1.25-இல் இருக்கும்போது விலை 10 பிப் நகர்ந்தால் லாப நட்டம் 1.25 டாலர் மாற வேண்டும். மாறும் தொகை வேறாக இருந்தால், அந்தத் தளத்தில் ஒரு லாட்டின் அளவு 1,00,000-தானா என்று ஜோடியின் விவரப் பக்கத்தில் முதலில் பாருங்கள்.