மிஸ்டு கால்: 94-ஆ, +94-ஆ?

பாம்பன் வாசகி: அண்ணே, நேற்றுக் காலையில் விசைப்படகில் போன என் வீட்டுக்காரர் இன்னும் கரை திரும்பவில்லை. ராத்திரி 94 என்று தொடங்கும் நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்திருக்கிறது. திருப்பிக் கூப்பிடலாமா?

சற்றுப் பொறுங்கள், சகோதரி. முதலில் அழைப்புப் பட்டியலைத் திறந்து, 94-க்கு முன்னால் கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாமல் மொத்தம் பத்து இலக்கம் இருந்தால் அது நம் நாட்டுக் கைபேசி எண்தான். 94-இல் தொடங்கும் பி.எஸ்.என்.எல். எண்கள் நம் கரையோர ஊர்களில் எத்தனையோ பேரிடம் உண்டு. +94 என்று இருந்தால்தான் இலங்கை. அதற்குப் பின் ஒன்பது இலக்கம் வர வேண்டும். அந்த ஒன்பது 7-இல் தொடங்கினால் கைபேசி, 21-இல் தொடங்கினால் யாழ்ப்பாணத்துத் தரைவழி எண், 23-இல் தொடங்கினால் மன்னார். இலக்கம் கூடினாலோ குறைந்தாலோ அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

அடுத்ததாக, எவ்வளவு நேரம் மணி அடித்தது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரே மணியில் துண்டித்துவிட்டு நாம் திருப்பிக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் மோசடி ஒன்று உலகம் முழுக்க நடக்கிறது. கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்ணுக்கு நம்மைப் பேச வைத்து, நம் கணக்கில் கழியும் பணத்தில் ஒரு பங்கை அவர்கள் பெறுகிறார்கள். அதனால் அவர்களுக்கு நம்மிடம் பேச வேண்டிய தேவையே இல்லை. சேதி சொல்ல வேண்டியவரோ மணி ஓயும்வரை அடிக்கவிட்டு, மறுபடியும் முயல்வார்.

தங்கச்சிமடம் இளைஞர்: தனுஷ்கோடிப் பக்கம் போனாலே லங்கா டவர் கிடைக்கிறது. அவர் நம்பரே +94 என்று விழுந்திருக்கலாமே?

சிக்னல் கிடைப்பது உண்மை. நானும் தனுஷ்கோடியில் நிற்கும்போது இலங்கையின் வரவேற்புக் குறுஞ்செய்தி வந்து பார்த்திருக்கிறேன். ஆனால் எண் கோபுரத்தைச் சேர்ந்ததன்று, சிம் அட்டையைச் சேர்ந்தது. அவர் ரோமிங் வசதி வைத்திருந்து இலங்கைக் கோபுரம் வழியாகவே அழைத்திருந்தாலும் அவருடைய +91 எண்தான் தெரியும். +94 தெரிகிறது என்றால் வேறொருவருடைய தொலைபேசியிலிருந்து அழைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிடிபட்டவர் இரவல் கைபேசியில் பேச முயல்வதும் உண்டு என்பதால் அதை ஒதுக்கிவிடவும் முடியாது.

கீழக்கரை வாசகர்: காக்கா, மகன் துபாயில் இருக்கிறான். எனக்கு +960 என்று வந்தது. கல்ஃப் நம்பர்தானே?

இல்லை, துபாய் என்றால் +971. நீங்கள் பார்த்தது மாலத்தீவு எண். அங்கே ஏழு இலக்க எண்கள் என்பதால், 960-ஐயும் சேர்த்தால் சரியாகப் பத்து இலக்கம் ஆகிவிடுகிறது. கூட்டல் குறியைக் கவனிக்காதவருக்கு அது நம் நாட்டுக் கைபேசி எண்ணைப் போலவே தோன்றும். மாலத்தீவில் உங்களுக்கு யாரும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மகனிடம் அவனுடைய வழக்கமான எண்ணில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

மண்டபம் வாசகர்: பிளஸ் போட்டு வருகிற எல்லாமே ஃபிராடு. நான் மொத்தமாக பிளாக் பண்ணிவிட்டேன்.

நம் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பேசும் வசதியை மூடி வைப்பது நல்லதுதான். கைதவறித் திருப்பி அழைத்தாலும் பணம் போகாது. உள்ளே வரும் அழைப்புகளையும் தடுத்துவிட்டால், இந்தச் சகோதரிக்கு வந்தது போன்ற சேதி ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வரும்போது அது உங்களை எட்டாது. ஏமாற்றுபவர்கள் +91 எண்ணிலும் வருகிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பாம்பன் வாசகி: பார்த்துவிட்டேன் அண்ணே. பிளஸ் இருக்கிறது, 94-க்கு அடுத்து 7, அதிலிருந்து மொத்தம் ஒன்பது. இரண்டு தடவை முழுசாக அடித்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் இல்லை.

அப்படியானால் உண்மையான அழைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படம் இல்லாததை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய வேண்டாம். அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில், "யார் பேசியது, என்ன செய்தி?" என்று மட்டும் எழுதுங்கள். கணவர் பெயரையோ படகையோ நீங்களாகச் சொல்லாதீர்கள். அவர்கள் வாயிலிருந்து வரட்டும். அதுவும் போதாது, ஏனென்றால் கைதான மீனவர்களின் பெயர்கள் செய்தித்தாளிலேயே வந்துவிடும். நாளேட்டில் வராத ஒன்றை, உங்கள் பிள்ளையை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் போன்ற ஒன்றைக் கேளுங்கள். அதைச் சொல்ல முடியாமல், விடுதலைக்கு, வக்கீலுக்கு என்று பணம் கேட்டால் அத்துடன் பேச்சை நிறுத்திவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-இல் சொல்லுங்கள்.

பதில் வரும்வரை காத்திருக்காமல், படகு உரிமையாளரிடமும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் இப்போதே விசாரியுங்கள். கூடப் போன மற்றவர்களின் வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள். அதே எண் அங்கேயும் அடித்திருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.