ஓ.டி.க்குக் காசா, லீவா? மணிச் சம்பளக்காரருக்கு விதி எழுதும்போது

வாசகர் கேள்வி: திருகோணமலையில் கட்டடப் பொருள் கடை நடத்துகிறோம். ஸ்டோரில் ஏற்றி இறக்கும் ஆறு பேருக்கு மணிக் கணக்கில் சம்பளம், மணிக்கு 220 ரூபா. லொறி பிந்தினால் இரவு வரை நிற்பார்கள். அந்தக் கூடுதல் மணிக்குக் காசு கொடுப்பதில்லை, ஒரு கொப்பியில் எழுதி வைத்து, வியாபாரம் குறைந்த நாளில் சம்பளத்தோடு லீவாகக் கொடுக்கிறோம். இப்போது இதை எழுத்தில் போடப் போகிறோம். "முகாமையாளரின் முன் அனுமதி இல்லாத மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு இல்லை. அனுமதி பெற்ற நேரத்துக்குப் பதில் விடுமுறை வழங்கப்படும்" என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. இரண்டு வசனங்களும் வெவ்வேறு காரணத்தால் நிற்காது. முதலாளிமார் பெரும்பாலும் நல்ல மனதோடு ஆரம்பிக்கிற வழக்கம் என்பதால், லீவு விடயத்தை முதலில் பார்ப்போம்.

உங்களுடையது கடை. ஆகவே 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம்தான் உங்களைக் கட்டுப்படுத்துகிறது. சாப்பாட்டு நேரம், ஓய்வு நேரம் நீங்கலாக ஒரு நாளைக்கு 8 மணி, ஒரு வாரத்துக்கு 45 மணி. இந்த இரண்டும் தனித்தனி எல்லைகள். எதைத் தாண்டினாலும் தாண்டிய நேரத்துக்கு மணிச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். கொப்பிக் கணக்கு வைத்திருக்கிற கடைகள் வாரக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, நாள் கணக்கை மறந்துவிடுகின்றன.

ஓர் உதாரணம். உங்கள் ஊழியர் திங்கள் முதல் வெள்ளி வரை 8 மணி, சனி 5 மணி என்று வைப்போம். சரியாக 45. ஒரு புதன்கிழமை கொழும்பிலிருந்து வரவேண்டிய டைல்ஸ் லொறி ஹபரணைக்கு அப்பால் பழுதாகி நின்றுவிட, அவர் மூன்று மணி கூடுதலாக நிற்கிறார். புதன் 11 மணி. வியாழன் மூன்று மணி முன்னதாக வீட்டுக்கு அனுப்புகிறீர்கள், வியாழன் 5 மணி. வாரக் கூட்டுத்தொகை மறுபடி 45. 45ஐ 220ஆல் பெருக்கி 9,900 ரூபா கொடுக்கிறீர்கள். உங்கள் பார்வையில் கணக்குச் சரி, ஓ.டி.யே நடக்கவில்லை.

சட்டத்தின் பார்வையில் நடந்திருக்கிறது. புதன்கிழமை 8 மணியைத் தாண்டிய மூன்று மணி ஓ.டி.தான், வியாழன் குறைத்ததால் அது மறைவதில்லை. சாதாரண நேரம் 42 மணி, 9,240 ரூபா. ஓ.டி. 3 மணி, மணிக்கு 330 ரூபா வீதம் 990 ரூபா. மொத்தம் 10,230. நீங்கள் கொடுத்ததை விட 330 ரூபா அதிகம். ஒருவருக்கு ஒரு வாரத்தில் இது சின்னத் தொகை. ஆறு பேருக்கு, லொறி பிந்துகிற வாரங்கள் எல்லாவற்றுக்கும் கூட்டிப் பாருங்கள். உங்கள் கொப்பியே அதற்கு ஆதாரமாகிவிடும், ஏனென்றால் மேலதிக மணிகள் உங்கள் கையெழுத்தில் அங்கே இருக்கின்றன.

ஊழியர் தானே விரும்பி லீவு கேட்டார், எழுதியும் தந்தார் என்றால்? அப்போதும் அதே பதில்தான். சட்டம் விதித்த குறைந்தபட்சத்துக்குக் கீழே இரு தரப்பும் சேர்ந்து உடன்பட்டாலும் அந்த உடன்பாடு செல்லாது. லீவு கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் ஓ.டி. காசைக் கொடுத்த பிறகு, அதற்கு மேலே.

நியாயமான வழி ஒன்றும் இருக்கிறது. லொறி பிந்தும் என்று காலையிலேயே தெரிந்தால், அன்றைக்கே இரண்டு பேரைப் பிந்தி வரச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு வராமல் பதினொரு மணிக்கு வந்தால், இரவு எட்டு மணிக்கு முடித்தாலும் சாப்பாட்டு நேரம் போக 8 மணிதான். இது நேர மாற்றம், பதில் லீவு அல்ல. ஒரே நாளுக்குள் நடப்பதால் நாள் எல்லை மீறப்படவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பகல் இரண்டு மணிக்குச் சொல்லி மூன்று மணி நேரம் சும்மா வீட்டுக்கு அனுப்பி, மாலை திரும்ப வா என்றால் ஊழியருக்கு அது தொல்லை. உங்களுக்கும் அடுத்த தடவை ஆள் கிடைக்காது.

அடுத்தது அனுமதி. "முன் அனுமதி இல்லையென்றால் கொடுப்பனவு இல்லை" என்ற வசனம் அநேகமாக எல்லாக் கம்பனிக் கையேடுகளிலும் இருக்கிறது. அனுமதி முறை வைப்பதில் பிழை இல்லை. பிழை, அனுமதி பெறாததற்குத் தண்டனையாகச் சம்பளத்தை நிறுத்துவதில்தான். உங்கள் மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்க லொறியிலிருந்து சீமெந்து மூட்டை இறக்கியவர், உங்கள் வேலையைத்தான் செய்தார், அதன் பலன் உங்களுக்குத்தான் வந்தது. அப்படிச் செய்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். லொறி வரும் வரை ஸ்டோரில் நிற்கச் சொன்ன நேரமும் வேலை நேரமே, மூட்டை தூக்காவிட்டாலும். விதியை மீறினால் விளக்கம் கேளுங்கள், எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள், திரும்பத் திரும்பச் செய்தால் விசாரியுங்கள். காசையும் ஒழுக்கத்தையும் ஒரே வசனத்தில் கட்டாதீர்கள்.

இன்னொன்று: அநேகமாகப் பிழை ஊழியரிடம் இருப்பதில்லை, "இன்னும் கொஞ்சம் நில்லு தம்பி" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் தொடாமல் போகிற மேற்பார்வையாளரிடம்தான் இருக்கும். ஆகவே அனுமதி பெறும் கடமையை அவர் தலையில் வையுங்கள். இப்படி எழுதலாம்:

"மேலதிக நேர வேலை தொடங்கும் முன் மேற்பார்வையாளர் முகாமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். முகாமையாளர் கடையில் இல்லாதபோது தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ பெற்ற அனுமதியை, மேற்பார்வையாளர் அடுத்த வேலை நாள் முடியும் முன் பதிவேட்டில் எழுதி ஒப்பமிட வேண்டும். அனுமதி கொடுக்கும் முன், அந்த ஊழியர் அந்த வாரத்தில் ஏற்கனவே செய்த மேலதிக மணிகளைப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் மொத்தம் 12 மணியைத் தாண்டும் மேலதிக நேரத்துக்கு அனுமதி கொடுக்கப்படாது.

நிறுவனம் கேட்டோ மேற்பார்வையாளர் அறிந்தோ செய்யப்பட்ட மேலதிக வேலைக்கு, முன் அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு அந்தச் சம்பளக் காலத்திலேயே கொடுக்கப்படும். அனுமதி முறையை மீறியது ஒழுக்க விடயமாகத் தனியே கையாளப்படும்."

12 மணி என்பது நான் வைத்த எண் அல்ல, சட்டத்தின் உச்ச எல்லை. அதை விதிக்குள்ளேயே எழுதுவது ஏனென்றால், வெள்ளிக்கிழமை மாலை அனுமதி கேட்கும்போது திங்கள் முதல் எத்தனை மணி ஆயிற்று என்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பதிவேட்டில் "இந்த வாரம் இதுவரை" என்று ஒரு நிரல் போட்டால் கேள்வி தானாக வந்துவிடும்.

சரி, பதில் லீவுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, விடுமுறை நாளில் வேலை செய்தால். இந்தச் சட்டத்தின் கீழ் வருடத்துக்கு 8 பொது விடுமுறை: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு மறுநாள், மீலாதுன் நபி, நத்தார். இவற்றில் ஒன்றில் வேலை வாங்கினால், அந்த வருடம் டிசம்பர் 31க்குள் சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு கொடுக்கலாம், அல்லது ஒரு நாள் சம்பளம் கூடுதலாகக் கொடுக்கலாம். போயா நாள் இதில் சேராது. அது 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தில் வருகிறது. போயாவில் வேலை வாங்கினால் நாள் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு, லீவாக மாற்ற முடியாது.

வெசாக்கில் இரண்டும் அடுத்தடுத்து வரும். உங்கள் ஊழியரின் நாள் சம்பளம் 1,760 ரூபா. வெசாக் போயா அன்று எட்டு மணி நின்றால் 2,640 ரூபா, அதோடு முடிந்தது. மறுநாளும் நின்றால் 1,760 ரூபாவும், பிறகு சம்பளத்தோடு ஒரு நாள் லீவும், இல்லையென்றால் இன்னொரு 1,760 ரூபாவும். தீபாவளி அந்த எட்டுக்குள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் கடை பூட்டத்தான் போகிறீர்கள், அது நீங்களாகக் கொடுக்கிற லீவு. விதியில் "பொது விடுமுறை" என்று மட்டும் எழுதினால் நாட்காட்டியில் சிவப்பாக இருக்கிற எல்லா நாளும் அதற்குள் வந்துவிடும். நாட்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள்:

"இணைப்பில் பெயரிட்டுள்ள எட்டு விடுமுறை நாட்களில் ஒன்றில் வேலை செய்தவருக்கு, அதே ஆண்டு டிசம்பர் 31க்குள் சம்பளத்துடன் ஒரு நாள் பதில் விடுமுறை வழங்கப்படும். அத்திகதிக்குள் அது எடுக்கப்படாவிட்டால், காரணம் எதுவாயினும், ஒரு நாள் சம்பளம் மேலதிகமாகக் கொடுக்கப்படும். போயா நாள் வேலைக்குப் பதில் விடுமுறை இல்லை, ஒன்றரை மடங்கு நாள் சம்பளம் கொடுக்கப்படும்."

நத்தாருக்கு ஆள் தேவைப்பட்டால் லீவை நம்ப வேண்டாம், மிச்சம் ஆறு நாள்தான் இருக்கும். நேரே காசாகக் கொடுத்துவிடுங்கள்.

சம்பளச் சீட்டில் ஓ.டி.யைத் தனி வரியாகப் போடுங்கள். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஊழியர் சேமலாப நிதி கழிக்க வேண்டியதில்லை, லீவு நாள் சம்பளத்துக்குக் கழிக்க வேண்டும். "படி" என்று பொதுவாகப் போட்டால் ஓ.டி.க்கும் சேர்த்துக் கட்ட வேண்டி வரலாம்.

கடைக்குப் பின்னால் சீமெந்துக் கல் அரியும் வேலையும் உங்களிடம் இருந்தால் அதில் நிற்பவர்களுக்கு இந்த விதியை அப்படியே போடாதீர்கள். உற்பத்தி வேலைக்குச் சம்பளச் சபைத் தீர்மானங்கள் பொருந்தலாம், அவற்றில் நேரமும் விடுமுறையும் வேறு. மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டு அவர்களுக்குத் தனிப் பக்கம் எழுதுங்கள்.

புதிய விதியை ஒட்டும் முன் பழைய கொப்பியைத் தீர்க்க வேண்டும். இன்னும் லீவாகக் கொடுக்காத ஒவ்வொரு மணிக்கும் 330 ரூபா. ஏற்கனவே சம்பளத்தோடு லீவாகக் கொடுத்த மணிகளுக்கு 220 போய்விட்டது, மிச்சம் 110 ரூபா. உதாரணமாக ஒருவருக்குக் கொப்பியில் 20 மணி, அதில் 14 மணி எடுத்துவிட்டார் என்றால் 14க்கு 1,540, மீதி 6க்கு 1,980, மொத்தம் 3,520 ரூபா. கொடுத்ததற்கு அவரிடம் ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள், கொப்பியையும் எறிந்துவிடாதீர்கள்.