எக்செல் பட்டியலிலிருந்து தனித்தனிச் சலுகை மின்னஞ்சல்: 15% ஏன் 0.15 ஆகிறது?

கேள்வி: 60 வாடிக்கையாளர்களுக்கு வேர்டு மெயில் மெர்ஜ் மூலம் சலுகைக் கடிதம் அனுப்பப் பார்க்கிறேன். எக்செலில் 15% என்று இருப்பது கடிதத்தில் 0.15 என்று வருகிறது. என்ன செய்வது?

பதில்: எக்செல் கட்டத்தில் உண்மையில் இருப்பது 0.15 என்ற எண்தான். சதவீதக் குறி வெறும் தோற்றம். வேர்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு தோற்றத்தை விட்டுவிடுகிறது. தேதிகளும் இப்படித்தான் மாதம் முன்னால் வந்து குழப்பும். பக்கத்தில் புதிய நெடுவரிசைகள் சேர்த்து, மதிப்பை எழுத்தாக மாற்றிவிடுங்கள். சலுகை C-யிலும் கடைசி நாள் D-யிலும் பெயர் B-யிலும் இருந்தால்:

```
=TEXT(C2,"0%")
=TEXT(D2,"dd-mm-yyyy")
=IF(B2="","வணக்கம்","வணக்கம் "&B2)
```

மூன்றாவது வரி பெயர் விடுபட்டவர்களுக்காக. அது இல்லாவிட்டால் "வணக்கம் ," என்று காற்புள்ளி அநாதையாக நின்று, இது இயந்திரம் அனுப்பிய கடிதம் என்று காட்டிக்கொடுத்துவிடும். கடிதத்தில் இந்தப் புதிய நெடுவரிசைகளையே செருகுங்கள்.

பொருள் வரியில் பெயர் போட வேர்டு இடம் தராது. அது எல்லோருக்கும் ஒன்றுதான். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் கடிதங்கள் நேரே அவுட்லுக்குக்குப் போய்விடும். ஆகவே பட்டியலை நகலெடுத்து, மூன்று வரிகளை மட்டும் வைத்து, மூன்றிலும் உங்கள் முகவரியையே போட்டு அனுப்பிப் பாருங்கள். அவற்றில் ஒன்று பெயரில்லாத வரியாக இருக்கட்டும்.