பெட்டிக் கணக்கும் ரூபாக் கணக்கும்

வணக்கம் ஐயா,

நுகர்பொருள் விநியோக நிறுவனம் ஒன்றில் வட பிராந்தியப் பொது முகாமையாளராக இருக்கிறேன். வயது 51. நாடளாவிய பொறுப்பு ஒன்றுக்குப் போக விரும்புகிறேன். கொழும்பில் உயர் பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் நிறுவனம் ஒன்று, என் பொறுப்பையும் சாதனைகளையும் சுருக்கி ஒரு குறிப்பு அனுப்பச் சொல்லியிருக்கிறது. நான்கு பக்கத்தில் எழுதியதை விற்பனை அட்டவணையோடு இணைத்திருக்கிறேன். இரண்டே ஆண்டில் விற்பனையை இரு மடங்குக்கு மேல் உயர்த்தியதை முதலிலேயே சொல்லியிருக்கிறேன். சம்பளத்தைக் குறிப்பிடலாமா? யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன் என்பது பாதகமாகுமா? எங்கே குறைப்பது? இத்தகைய நிறுவனமொன்றில் நீங்கள் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

க., கொக்குவில்

அன்புள்ள க.,

சம்பளத்தைக் குறிப்பில் எழுத வேண்டாம், கேட்கும்போது சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பது பாதகமில்லை. கொழும்புக்கு வர ஆயத்தமா இல்லையா என்று சொல்லாமல் விடுவதுதான் பாதகம். எழுத்துரு, புகைப்படம் பற்றியெல்லாம் யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

உங்கள் நான்கு பக்கங்களையும் வாசித்தேன். முதற் பக்கம் முழுவதும் கல்லூரி, துடுப்பாட்டம், அப்பா தந்த ஒழுக்கம். நல்ல அப்பா, சந்தேகமில்லை. ஆனால் இதை முதலில் வாசிக்கப் போவது நீங்கள் மனதில் வைத்திருக்கும் மூத்த ஆலோசகர் அல்லர். அவருக்குக் கீழே இருக்கும் இளம் ஆய்வாளர் ஒருவர். அவர் மேசையில் ஒரு பதவிக்கு அறுபது எழுபது பெயர்கள் கிடக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எவ்வளவு பெரிய வேலை, யாருக்குக் கீழே, எத்தனை பேர், எந்த இடம் என்று குறித்துக்கொண்டு போவார். அவை கிடைக்காத பெயர் கீழே இறங்கும். அவருக்கு உங்கள் மேல் கோபமொன்றும் இல்லை. அந்த நிறுவனம் உங்களுக்கு வேலை தேடவில்லை. கூலி கொடுக்கும் வாடிக்கை நிறுவனத்துக்கு ஆள் தேடுகிறது. கூலி வழக்கமாகத் தெரிவாகிறவரின் முதலாண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அதை வாடிக்கை நிறுவனமே கொடுக்கும். யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அது வேறு தொழில், விலகிவிடுங்கள்.

பொறுப்பின் அளவைச் சொல்ல “வட மாகாணம் முழுவதற்கும் பொறுப்பு” என்று எழுதியிருக்கிறீர்கள். வடக்கில் ஆளுநருக்கும் அப்படித்தான். நான் உங்களிடம் அறிய விரும்புவது, எந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இறுதியானது என்பது. உங்கள் மூன்றாம் பக்கத்தைத் துருவியதில் எனக்குக் கிடைத்தது இது: ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும், எந்த லொறி எந்தப் பாதையில் போவதென்பதும், கடைக்காரருக்கு எவ்வளவு கடன் என்பதும் உங்கள் கையில். விலையும் கொள்வனவும் தலைமை அலுவலகத்தின் கையில். அப்படியிருக்க, இலாப நட்டத்துக்கு முழுப் பொறுப்பு என்று முதற் பக்கத்தில் எழுதலாமா? நேர்முகத்தில் “விலையை யார் தீர்மானித்தார்கள்” என்ற ஒரு கேள்வியோடு அந்த வரி விழுந்துவிடும். அதோடு மற்ற வரிகளும் சேர்ந்து விழும். கொழும்பு சின்ன ஊர். அவர்கள் உங்களிடம் கேட்காமலேயே உங்கள் பழைய மேலதிகாரி ஒருவருடன் தொலைபேசியில் பேசிவிடுவார்கள்.

இனி அந்த இரு மடங்கு. இதை நான் விடப்போவதில்லை.

பெரியப்பா வலிகாமத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தார். ஆண்டறிக்கையைக் கோடிட்ட பூல்ஸ்காப் தாளில் தன் கையாலேயே எழுதுவார். அருகிலிருந்து கூட்டல் சரிபார்ப்பது பள்ளிக்கூடப் பையனான என் வேலை. அவர் அட்டவணையில் முதல் நிரல் மூட்டை, அடுத்ததுதான் ரூபா. 1977 நவம்பரில் ரூபாவை மிதக்கவிட்டு, டொலர் ஏறக்குறைய 16 ரூபாவுக்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. அடுத்த ஆண்டுகளில் சங்கத்தின் விற்றுமுதல் ஏறியது. பொதுக்கூட்டத்தில் நிருவாக சபையினர் கைதட்டினார்கள். பெரியப்பா எழுந்து, “தட்டுவதை நிறுத்திவிட்டு முதல் நிரலைப் பாருங்கள். சீனியும் மாவும் போன வருடத்தைவிடக் குறைவாகத்தான் போயிருக்கின்றன. சனம் தனியார் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டது” என்றார். அவரை யாரும் விரும்பவில்லை. ஆனால் சங்கத்தில் என்ன நடக்கிறது என்று அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

உங்கள் அட்டவணையை அந்தக் கண்ணோடு பார்த்தேன். (இது பொதுவில் வருவதால் எண்களை மாற்றியிருக்கிறேன்; விகிதங்கள் உங்களுடையவை.) 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 800 மில்லியன் ரூபா விற்பனை, 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 1,640 மில்லியன். அடுத்த தாளில், யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது போல, பெட்டிகளின் எண்ணிக்கை கிடக்கிறது: முன்பு 400,000, பின்பு 352,000. வகுத்துப் பாருங்கள். ஒரு பெட்டியின் சராசரி விலை 2,000 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 4,660 ரூபாவாகியிருக்கிறது. நீங்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பெட்டி குறைவாக விற்றிருக்கிறீர்கள், தம்பி. இடையில் நடந்தது உங்களுக்குத் தெரியாதா? 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து கிளம்பி மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட நூற்றுக்கு எழுபது அளவில் உயர்ந்து நின்றது. அந்த ஆண்டுகளில் நாட்டில் பால்மாவும் சவர்க்காரமும் விற்ற எல்லோருமே விற்பனையை “உயர்த்தினார்கள்”. அந்த ஆய்வாளர் மேசையில் கிடக்கும் குறிப்புகளில் பாதியிலாவது இதே வரி இருக்கும். அவர் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டார்.

எனக்கு எரிச்சல் தந்தது இது மட்டுமல்ல. சொல்ல வேண்டியதை நீங்கள் கடைசிப் பக்கத்தில் அரை வரியில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்: “கடன் வசூலும் மேம்படுத்தப்பட்டது.” யார் மேம்படுத்தியது? எவ்வளவு? அட்டவணை சொல்கிறது: கடைகளுக்குக் கொடுத்த சரக்கின் பணம் திரும்பிவர முன்பு சராசரியாக 62 நாள், பின்பு 34 நாள். 28 நாள் குறைந்திருக்கிறது. 1,640 மில்லியனை ஆண்டின் நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு நாலரை மில்லியன். அதை 28 ஆல் பெருக்கினால் 126 மில்லியன் ரூபா. இவ்வளவு பணம் கடைகளின் கொப்பிகளில் தூங்காமல் நிறுவனத்தின் கைக்கு வந்திருக்கிறது. அதே 2022 இறுதியில் வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களிடமே நூற்றுக்கு 25க்கு மேல் வட்டி வாங்கின. அந்த வீதத்தில் ஒரு முழு ஆண்டுக்கு 31 மில்லியன் வட்டி மிச்சம். நாட்கள் படிப்படியாகக் குறைந்திருக்கும், ஆகவே உண்மையான மிச்சம் இதிலும் குறைவு. உங்கள் நிதி முகாமையாளரிடம் கேட்டுச் சரியான தொகையை எழுதுங்கள். எப்படியும் இது விலையேற்றம் கொண்டுவந்து போட்டதல்ல. அந்த 34 நாட்களில் உங்கள் முடிவு தெரிகிறது.

அந்த முடிவு என்ன என்பதை நீங்கள் குறிப்பில் எழுதவில்லை, எனக்கு எழுதிய மின்னஞ்சலில் பேச்சுவாக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2022 யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்து, டீசல் 460 ரூபாவாக இருந்த நாட்களில், இருந்த டீசலுக்கு எந்தக் கடைக்கு லொறி போவது என்று நீங்கள் ஒரு பட்டியல் போட்டீர்கள். முந்தைய பற்றுச்சீட்டைத் தீர்த்த கடைக்கே அடுத்த லொறி. களஞ்சிய வாசலில் அந்தப் பட்டியலை ஒட்டினீர்கள். வவுனியாவில் உங்கள் பழைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர் திட்டினார், நீங்கள் அசையவில்லை. இதையல்லவா எழுத வேண்டும்!

இதிலும் ஒரு கேள்வி வரும், ஆயத்தமாக இருங்கள். அந்தக் காலத்தில் எல்லோருமே கைக்காசு வியாபாரத்துக்குத் திரும்பினார்கள், உங்கள் 34 நாள் தட்டுப்பாட்டின் விளைவா உங்கள் விளைவா என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். விடை அட்டவணையின் கடைசி வரியில் இருக்கிறது. டீசல் தாராளமாகக் கிடைத்த பிறகு, 2024 மார்ச்சில், 37 நாள். கடைக்காரர் மீண்டும் கடன் கேட்கத் தொடங்கிய பின்னும் அது 62க்குத் திரும்பவில்லை. அந்த 37ஐ விட்டுவிட்டு 34ஐ மட்டும் எழுதினால் உங்கள் கட்சி பலவீனமாகும்.

ஆகவே குறிப்பு இவ்வளவுதான். ஆங்கிலத்தில் அனுப்பப் போகிறீர்கள், ஆனாலும் முதலில் தமிழில் யோசியுங்கள்:

“2018 முதல் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் நுகர்பொருள் விநியோகத்தை நடத்துகிறேன். எனக்கு நேர் மேலே பிரதம நிறைவேற்று அதிகாரி. எனக்குக் கீழே நேரடியாக ஆறு முகாமையாளர்கள், மொத்தம் 146 பேர், மூன்று களஞ்சியங்கள். ஆண்டு விற்பனை 1.5 பில்லியன் ரூபாவுக்கு மேல். ஆளணி, விநியோகப் பாதை, கடன் எல்லை ஆகியவற்றில் முடிவு என்னுடையது; விலையும் கொள்வனவும் தலைமை அலுவலகத்தினுடையவை.

2021க்கும் 2023க்கும் இடையில் கடன் வசூல் காலத்தை 62 நாளிலிருந்து 34 நாளாகக் குறைத்தேன். 2024 மார்ச்சில் அது 37 நாள். பழைய நிலுவையைத் தீர்த்த கடைகளுக்கே விநியோகம் என்ற விதியால் இது நடந்தது. நெருக்கடியில் விற்ற பெட்டிகள் 12 சதவீதம் குறைந்தன. எந்த மாவட்டத்திலும் விநியோகம் நிற்கவில்லை.

நாடளாவிய விநியோக அல்லது வர்த்தகப் பொறுப்பைத் தேடுகிறேன். கொழும்புக்கு வர ஆயத்தம். மூன்று மாத முன்னறிவித்தல் தேவை.”

பெட்டி குறைந்ததையும் எழுதச் சொல்கிறேனே என்று முகம் சுளிப்பீர்கள். எழுதுங்கள். அட்டவணையைக் கேட்டு வாங்கினால் எப்படியும் தெரியப்போகிற செய்தி அது. விநியோகம் நிற்கவில்லை என்பதைக் களஞ்சியப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, உண்மையென்றால் மட்டும் வையுங்கள். விற்பனைத் தொகை வெளியிடப்படாத தகவல் என்பதால்தான் 1.5 பில்லியனுக்கு மேல் என்று தோராயமாக எழுதியிருக்கிறேன். அட்டவணையை இந்தக் கட்டத்தில் அனுப்பவே வேண்டாம். அலுவலக மின்னஞ்சலிலிருந்தும் அனுப்பாதீர்கள். எனக்கு அதிலிருந்துதான் எழுதியிருக்கிறீர்கள், கெட்டிக்காரர்.

இன்னொன்று. குறிப்பில் ஊழியர்கள் 146 என்றும் சுயவிபரக் கோவையில் 164 என்றும் இருக்கிறது. எது சரியென்று பார்த்து, அனுப்பும் முன் இரண்டிலும் ஒன்றாக்குங்கள்.